மொய்யும் மடலும்

நுழையும்முன்

விழா நடத்தும் இல்லத்திற்குப் பணமும் வருகிறது, பொருளும் வருகிறது. இரண்டையும் பெற்றவர் நன்றி சொல்கிறார். ஆனால், இரண்டிற்கும் ஒரே தொடரை எழுதினால் அது பொருந்துவதில்லை. பணத்திற்கு எழுதும் நன்றி, சிறிது பிசகினால் பற்றுச்சீட்டாகிவிடும். பொருளுக்கு எழுதும் நன்றி, சிறிது பிசகினால் வெறும் புகழுரையாகிவிடும். இவ்விரு மடல்களும் எங்கே வேறுபடுகின்றன, அவற்றை எப்போது அனுப்புதல் வேண்டும் என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

இருவகைக் கொடை

ஒருவர் நமக்கு ஒரு பொருளைத் தரும்போது அப்பொருளோடு அவருடைய தெரிவும் சேர்ந்தே வருகிறது. பல கடைகளில் பார்த்து, பலவற்றை விலக்கி, இதுவே இவ்வில்லத்திற்கு ஏற்றது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். ஆகவே, பொருளைப் பெற்றவர் எழுதும் மடல் அத்தெரிவைக் கண்டுகொண்டதாக இருத்தல் வேண்டும். பொருளின் பெயர், அதன் தனித்தன்மை, அது இப்போது இல்லத்தில் இருக்கும் இடம் ஆகிய மூன்றும் மடலில் இடம்பெற்றால் கொடுத்தவர் மனம் நிறையும்.

பணம் தருபவர் அத்தெரிவைத் தாம் செய்வதில்லை, பெறுபவரிடமே விட்டுவிடுகிறார். பத்துப் பேர் தந்த பணம் ஒன்றாகக் கலந்தபின் எது யாருடையது என்று பிரித்தறிய இயலாது. கொடுத்தவர் தம் கொடையை மீண்டும் காண ஒரே வழிதான் உண்டு. அது என்னவாக மாறியது என்பதைப் பெற்றவர் சொல்லுதல் வேண்டும். எனவே, பொருளுக்கான மடல் வந்ததைப் பற்றிப் பேசும். பணத்திற்கான மடல் வந்தது என்னவாயிற்று என்பதைப் பற்றிப் பேசும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால் மற்ற நெறிகள் யாவும் எளிதில் விளங்கும்.

புறநானூறு காட்டும் மூன்று நிலைகள்

கொடை பெற்றோர் மொழிந்த சொற்களைப் பெருந்தொகையாகக் காத்து வைத்திருப்பது புறநானூறு. அதன் மூன்று பாடல்கள் நம் பொருளுக்கு நேரடியாகத் துணைசெய்கின்றன.

முதலாவது, அதியமான் நெடுமான் அஞ்சி தந்த நெல்லிக்கனியைப் பெற்ற ஔவையார் பாடியது (91). அவர் 'பரிசு தந்தாய், நன்று' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை. அக்கனி உயர்ந்த மலையின் பிளவில், ஏறுதற்கரிய இடத்தில் விளைந்தது என்கிறார். அதனைப் பெறுவதன் அருமையையும், அதன் பயனை வெளியிடாமல் தனக்கே தந்த மன்னனின் உள்ளத்தையும் சுட்டுகிறார். பொருளின் பெயர், அதன் அருமை, கொடுத்தவரின் எண்ணம் என்னும் மூன்றும் அதில் உள்ளன. பொருட்கொடைக்கு எழுதும் மடலின் அமைப்பு இதுவே.

இரண்டாவது, குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்றுத் திரும்பிய பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் கூறுவதாக அமைந்தது (163). செல்வத்தின் அளவைப் புலவர் எண்ணிக் காட்டவில்லை. அது யார் யாரைச் சென்றடைய வேண்டும் என்பதையே சொல்கிறார். அன்புடையோர், சுற்றத்தார், வறுமைக் காலத்தில் கடன் தந்து உதவியோர் என அனைவருக்கும் கொடுக்குமாறு சொல்லி, இது குமணன் தந்த வளம் என்று முடிக்கிறார். பணக்கொடைக்கு எழுதும் மடலின் அமைப்பு இங்குக் கிடைக்கிறது. தொகை பின்னால் நிற்கிறது. பயன் முன்னால் வருகிறது. கொடுத்தவர் பெயர் இறுதியில் ஒலிக்கிறது.

மூன்றாவதும் பெருஞ்சித்திரனார் பாடலே (208). அதியமான் தம்மை நேரில் காணாமலே அனுப்பிய பரிசிலை அவர் ஏற்க மறுக்கிறார். காணாமல் தந்ததைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்பது அவர் கருத்து. கொடைக்கும் வணிகத்திற்கும் இடையிலுள்ள எல்லை, ஒருவரையொருவர் கண்டு மதிப்பதில் இருக்கிறது என்பதை இப்பாடல் உணர்த்துகிறது. நேரில் காணாமலே திறன்பேசிவழிப் பணம் அனுப்பும் இக்காலத்தில் அம்மதிப்பைச் சுமந்து செல்ல வேண்டியது மடலே ஆகும்.

மொய் ஏடும் நன்றி மடலும்

தமிழ்நாட்டில் விழாக்களில் தரப்படும் பணம் பெரும்பாலும் மொய் என்னும் வழக்கத்தைச் சார்ந்தது. பந்தலின் வாயிலருகே இருவர் அமர்ந்து, ஒருவர் பணத்தை வாங்கிப் பெயரையும் ஊரையும் சொல்ல, மற்றவர் ஏட்டில் எழுதுவர். தந்தவர் இல்லத்தில் பின்னாளில் விழா நடக்கும்போது இந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்வர். தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி, புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் ஆகிய பகுதிகளில் இது மொய் விருந்து என்னும் தனி விழாவாகவே வளர்ந்துள்ளது. தொழில் தொடங்கவும் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் வட்டியில்லா முதலாக அப்பணம் பயன்படுகிறது.

அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவதைக் குறியெதிர்ப்பை என்பர் முன்னோர். திருக்குறளின் ஈகை அதிகாரமும் இச்சொல்லை ஆள்கிறது. வறியவர்க்குத் தருவதை ஈகை என்றும், பிறவற்றைக் குறியெதிர்ப்பையின் தன்மையுடையன என்றும் பிரிக்கிறது. மொய்யில் குறியெதிர்ப்பையின் தன்மை உண்டு என்பதை மறுக்க இயலாது. இதனாலேயே மொய்க்கு நன்றி மடல் எதற்கு என்று சிலர் வினவுவர். திருப்பிச் செய்வதுதானே நன்றி என்பது அவர்கள் வாதம்.

அவ்வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. மொய் ஏடு தொகையைக் காக்கிறது; அதனால் மடல் தொகையைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால், ஏட்டில் பதிவாகாதவை சில உண்டு. நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தமை, முதல்நாளே வந்து சமையற்கூடத்தைக் கவனித்தமை, தம் நிலைக்கு மீறித் தந்தமை ஆகியவற்றை எழுதுவதற்கு ஏட்டில் இடமில்லை. அவை மடலுக்கு உரியவை. கணக்கு ஏட்டில் இருக்கட்டும். கனிவு மடலில் இருக்கட்டும்.

தெரியுமா?

அஞ்சல்துறையின் பணவிடை இந்தியாவில் 1880ஆம் ஆண்டு தொடங்கியது. பணவிடைத்தாளில் பணம் அனுப்புவோர் சில வரிகள் எழுதச் சிறிய இடம் இருந்தது. பணம் பெற்றவர் ஒப்பமிட்ட துண்டுத்தாள் அனுப்பியவருக்குத் திரும்பி வந்தது. அது பணம் சேர்ந்ததற்குச் சான்று மட்டுமே. அத்தாள் வந்த பின்பும் 'பணம் வந்தது. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டோம்' என்று ஒரு கடிதம் வருமென்று அனுப்பியவர் காத்திருப்பார். சான்று வேறு, நன்றி வேறு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

ஓர் இல்லம், நான்கு கொடைகள்

சென்னையின் தென்புறநகர்ப் பகுதியான ஊரப்பாக்கத்தில், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, பிற மாவட்டங்களிலிருந்து பணிநிமித்தம் வந்து குடியேறிய குடும்பங்கள் பல உள்ளன. அத்தகைய ஒரு குடும்பம் ஆவணி மாதத்தில் புதுமனை புகுவிழா நடத்துவதாகக் கொள்வோம். அவர்களின் சொந்த ஊர் பேராவூரணி. விழாவில் சொந்த ஊரின் மொய்யும் நகரத்தின் அன்பளிப்பு உறையும் ஒருங்கே வருகின்றன.

முதற்கொடை: பேராவூரணியிலிருந்து வந்த சித்தப்பா 5001 ரூபாய் மொய் எழுதினார். முழுத்தொகையோடு ஒரு ரூபாய் சேர்த்துத் தருவது நம் வழக்கம். முழு எண் முடிவைக் குறிப்பதாகவும், கூடுதலான ஒன்று தொடர்ச்சியைக் குறிப்பதாகவும் கருதுவர். அவருக்குப் பின்வருமாறு எழுதினால் எவ்வாறு இருக்கும்?

'தாங்கள் வழங்கிய ரூ.5001 கிடைக்கப்பெற்றோம். மிக்க நன்றி. தங்கள் இல்ல விழாவில் தவறாமல் திருப்பிச் செய்வோம்.'

இதில் பிழையான சொல் ஒன்றும் இல்லை. எனினும், முதல் தொடர் பற்றுச்சீட்டு. இறுதித் தொடர் கடன் உறுதி. இரண்டிற்கும் நடுவில் நன்றி நசுங்கிப்போகிறது. திருப்பிச் செய்யும் கடமையைச் சித்தப்பாவும் அறிவார். அதனை எழுத்தில் வைத்தவுடன் உறவு கணக்காகிவிடுகிறது. இதனையே இவ்வாறு எழுதலாம்:

'அன்புள்ள சித்தப்பாவுக்கு, வணக்கம். கிளாம்பாக்கத்தில் இறங்கி, விடியும் முன்னரே வீடு வந்து, வாழைமரம் கட்டும் வரை தாங்கள் உடன் நின்றதை அப்பா நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தாங்கள் அன்போடு செய்ததைக் கொண்டு, மேலும் சிறிது சேர்த்து, இன்வெர்ட்டர் வாங்கி மாட்டியுள்ளோம். நேற்று மின்தடை ஏற்பட்டபோது பாட்டியின் அறையில் மின்விசிறி நிற்கவில்லை. சித்தியையும் அழைத்துக்கொண்டு பொங்கலுக்கு வாருங்கள். தங்கள் அன்பு மகன்.'

இம்மடலில் தொகை இல்லை. 'தாங்கள் அன்போடு செய்தது' என்னும் தொடர் அதற்கு ஈடாக நிற்கிறது. பயன் ஒரே ஒரு காட்சியாகச் சொல்லப்பட்டுள்ளது. திருப்பிச் செய்வோம் என்பதற்கு மாறாக மீண்டும் வாருங்கள் என்று அழைப்பு இருக்கிறது. உறவு தொடரும் என்பதை அவ்வழைப்பே உணர்த்திவிடும்.

இரண்டாம் கொடை: அலுவலகத் தோழர் ஒருவர் வர இயலாமல் திறன்பேசிவழி 2000 ரூபாய் அனுப்பினார். பணம் சேர்ந்துவிட்டது என்பதை அவருடைய திறன்பேசியே அவருக்கு அறிவித்துவிட்டது. ஆகவே, 'பணம் வந்துவிட்டது' என்று மட்டும் விடையளித்தால் அவர் அறிந்ததையே மீண்டும் சொல்வதாகும். அன்றே இரண்டு வரியில், 'தங்கள் அன்பு வந்து சேர்ந்தது. தாங்கள் வராதது ஒன்றே குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிற்கு வாருங்கள்' என்று புலனத்தில் எழுதுதல் போதும். பயன் என்னவென்று முடிவானபின் மற்றொரு மடல் எழுதலாம்.

இங்கு ஒரு செய்தியைக் கவனித்தல் வேண்டும். வங்கிக் குறிப்பில் தோன்றும் பெயர் கணக்கு உரிமையாளருடையது. மகனின் எண்ணிலிருந்து தந்தை அனுப்பியிருக்கலாம். ஒருவரின் கணக்கிலிருந்து நால்வர் சேர்ந்து அனுப்பியிருக்கலாம். பெயரைப் பார்த்தவுடன் மகனுக்கு நன்றி எழுதினால் தந்தையின் கொடை மறைந்துபோகும். ஐயம் இருப்பின், தொலைபேசியில் பேசித் தெளிந்தபின் எழுதுவதே முறை.

மூன்றாம் கொடை: அத்தை ஒரு வெண்கல உருளி கொண்டுவந்தார். இது பொருட்கொடை. 'தங்கள் அழகிய பரிசுக்கு நன்றி' என்னும் தொடர் கடிகாரத்திற்கும் பொருந்தும், போர்வைக்கும் பொருந்தும். எல்லாவற்றிற்கும் பொருந்தும் தொடர், கட்டைப் பிரித்துப் பார்க்காமலே எழுதப்பட்டதோ என்னும் ஐயத்தைத் தோற்றுவிக்கும். அத்தைக்கு எழுதும் மடல் இவ்வாறு அமையலாம்:

'அன்புள்ள அத்தைக்கு, வணக்கம். வெண்கல உருளியைப் புளியிட்டுத் துலக்கி, வெள்ளிக்கிழமை அதில் முதன்முதலாகச் சர்க்கரைப் பொங்கல் செய்தோம். அடி பிடிக்கவில்லை. அதனைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று மாமா சொன்னார். அடுப்பின் அருகிலேயே வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உங்களை நினைக்கிறோம். தங்கள் அன்பு மருமகள்.'

பெயர், முதற்பயன், கொடுத்தவர் பட்ட பாடு, பொருள் இருக்கும் இடம் ஆகிய நான்கும் நான்கு வரிகளில் அடங்கிவிட்டன. ஔவையாரின் பாடலில் கண்ட அமைப்பே இங்கும் உள்ளது.

நான்காம் கொடை: அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் தந்தனர். அதற்கு முன்பே வேறொருவரிடமிருந்து ஒரு கடிகாரம் வந்திருந்தது. இரண்டாவதாக வந்ததைப் பற்றி எழுதும்போது முதலாவதைக் குறிப்பிடுதல் கூடாது. அதனை மாட்டாமலே 'கூடத்தில் மாட்டியுள்ளோம்' என்று பொய் எழுதுதலும் கூடாது. அண்டை வீட்டார் நாளையே வந்து பார்க்கக்கூடும். மாட்டாத நிலையில், பொருளின் பயனை விடுத்து, கொடுத்தோர் எண்ணத்தைப் பற்றியே எழுதலாம்: 'இங்குக் குடிவந்த முதல் நாளே நால்வரும் கூடி ஒரு கடிகாரத்தைத் தெரிவுசெய்து தந்தீர்கள். புதிய ஊரில் தனித்திருக்கிறோம் என்னும் எண்ணம் அன்றே நீங்கியது.' இது முற்றிலும் உண்மை; யாரையும் வருத்தாது. நால்வர் தந்தமையால் நால்வருக்கும் தனித்தனியே எழுதுதல் வேண்டும். ஒருவருக்கு மட்டும் எழுதி, மற்றவர்க்கும் சொல்லிவிடுங்கள் என்பது முறையன்று.

எப்போது அனுப்புவது?

காலத்தை உறுதிசெய்வது ஒரே வினா: கொடை சேர்ந்துவிட்டதா என்று கொடுத்தவர் அறிவாரா? தூதஞ்சலில் பொருள் அனுப்பியவரும், உறையைப் பிறர் கையில் கொடுத்தனுப்பியவரும் அதனை உறுதியாக அறிய இயலாது. அவர்களுக்கு அன்றே தெரிவித்தல் கடமை. முதியவர் ஒருவர் தம் அண்ணன் மகன் கையில் 500 ரூபாய் கொடுத்தனுப்பினால், 'நீங்கள் கொடுத்தனுப்பிய உறை பத்திரமாக வந்தது' என்று அன்றிரவே தொலைபேசியில் சொல்லுதல் வேண்டும். தொகையைச் சொல்லத்தக்க இடம் இது ஒன்றே. இடையில் ஒருவர் கை இருப்பதால், 'ஐந்நூறு ரூபாயும் கிடைத்தது' என்று ஒருமுறை சொன்னால் கொடுத்தவர்க்கும் ஐயமில்லை, கொண்டுவந்தவர்க்கும் பழியில்லை. பின்னர் எழுதும் மடலில் அத்தொகையை மீண்டும் குறிப்பிட வேண்டியதில்லை.

நேரில் தந்தவர்களுக்கு அவ்வளவு விரைவு தேவையில்லை. பொருள் தந்தோர்க்கு, அதனை ஒருமுறை பயன்படுத்தியபின் எழுதுவது நன்று. ஆயினும், இரண்டு வாரத்திற்கு மேல் காத்திருத்தல் கூடாது. பணம் தந்தோர்க்குப் பயன் முடிவாகச் சற்றுக் காலம் ஆகலாம்; ஒரு மாதம் வரை பொறுக்கலாம். அதற்குள்ளும் முடிவாகவில்லையெனில், 'மாடியில் ஒரு படிப்பறை அமைக்கச் சேர்த்து வைத்துள்ளோம்' என்று கருத்தை எழுதினால் போதும். நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுதல் வேண்டா. பணம் முழுவதும் விருந்துச் செலவிற்கே போயிருந்தால், 'வந்தோர் அனைவரும் வயிறார உண்ணத் தங்கள் கொடை துணைநின்றது' என்று எழுதலாம். அதுவும் உண்மையான பயனே.

நாம் கண்ட குடும்பத்தின் விழா ஆவணியில் நடந்தது. புரட்டாசிக்குள் மடல்கள் யாவும் சென்றுவிட்டால் நன்றி தனித்து நிற்கும். ஐப்பசி வரை தள்ளிப்போட்டால் தீபாவளி வாழ்த்தோடு அது கலந்துவிடும். வாழ்த்தின் வாலில் தொங்கும் நன்றியை யாரும் படிப்பதில்லை. காலம் கடந்துவிட்டாலும் எழுதாமல் விடுதல் கூடாது. தாமதத்திற்கு அரைப்பக்கம் காரணம் அடுக்காமல், ஒரு தொடரில் பொறுத்தருள வேண்டிப் பின் நன்றிக்குச் செல்லுதல் தகும்.

துயர்வீட்டிற்கு வந்த உதவிக்கு இந்நெறிகள் அப்படியே பொருந்தா. ஈமச் செலவிற்குப் பணம் தந்தோர்க்குக் கருமாதி முடிந்தபின் எழுதுவதே வழக்கிற்கு ஏற்றது. அம்மடலில் பணத்தின் பயனைப் பேசுதல் வேண்டா. 'எங்கள் துயரில் உடன் நின்றீர்கள்' என்பதே போதும்.

பெயர் தவறாமல் காத்தல்

நன்றி மடலில் நேரும் பெரும்பிழை சொற்பிழை அன்று, ஆள்மாறாட்டம். உருளி தந்தவர்க்குக் கடிகாரத்திற்காக நன்றி சொன்னால், அம்மடல் எழுதாமலிருந்ததைவிடத் தீங்கு செய்யும். இப்பிழை மடல் எழுதும் நேரத்தில் தோன்றுவதில்லை. விழா நாளின் இரவில், எல்லோரும் கூடிக் கட்டுகளைப் பிரிக்கும்போது தோன்றுகிறது. வண்ணத்தாளோடு பெயர்ச்சீட்டும் கிழிந்து குப்பைக்குப் போய்விடுகிறது.

இதனைத் தவிர்க்கும் வழி எளியது. பரிசுக்கட்டு வந்தவுடன் அதன்மீது ஓர் எண்ணை எழுதி, அவ்வெண்ணுக்கு நேராக ஏட்டில் பெயரை எழுதுதல் வேண்டும். மறுநாள் ஒருவர் பிரிக்க, மற்றொருவர் பொருளின் பெயரை அதே வரியில் எழுதுதல் வேண்டும். பண உறைகளுக்கும் இவ்வாறே செய்யலாம். பெயரில்லாத உறை ஒன்று எஞ்சினால் அதனைத் தனியே வைத்து, விழாவிற்கு வந்தும் ஏட்டில் இடம்பெறாதோர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். ஏட்டின் இறுதியில் 'மடல் சென்ற நாள்' என்று ஒரு கட்டம் இட்டுக்கொண்டால், எவர் விடுபட்டார் என்பது ஒரே பார்வையில் தெரியும்.

மடலை எழுதுபவர் யார் என்பதும் கருதத்தக்கது. தந்தையின் உறவினர் தந்ததற்குத் தந்தையும், மகளின் தோழியர் தந்ததற்கு மகளும் எழுதுவதே பொருத்தம். யாரை எண்ணிக் கொடை தரப்பட்டதோ அவருடைய கையெழுத்தையே கொடுத்தவர் எதிர்பார்ப்பார். அச்சிட்ட நன்றி அட்டையை அனைவர்க்கும் அனுப்பினாலும், கொடையைக் குறிக்கும் ஒரு வரியையேனும் அதில் கையால் எழுதுதல் வேண்டும். அந்த ஒரு வரியைத்தான் கொடுத்தவர் தம் இல்லத்தாரிடம் படித்துக் காட்டுவார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பிறந்தநாளுக்குத் தாய்மாமா ஓர் அகராதியும், பெரியப்பா 501 ரூபாயும் தந்தனர். இருவருக்கும் தனித்தனியே ஐந்து வரிகளுக்கு மிகாமல் நன்றி மடல் எழுதுக.

2. 'தாங்கள் அனுப்பிய ரூ.1001 பெற்றுக்கொண்டேன். நன்றி.' இத்தொடரைத் தொகை இடம்பெறாமல், பயன் விளங்குமாறு மாற்றி எழுதுக.

3. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள பழைய மொய் ஏட்டைப் பெரியோர் துணையுடன் பார்வையிட்டு, அதில் பதிவாகியுள்ளவை, பதிவாகாதவை ஆகியவற்றை அட்டவணைப்படுத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.